கார்ட்ஸா என்றே எழுதுங்கள்: இத்தாலிக்குத் துணி விற்கும் நம் ஊர்க்காரர்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,

சத்திரப்பட்டித் தறியில் ஓடும் பேண்டேஜ் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, வீட்டுக் கொல்லையில் சாயத்தில் தோய்த்துக் காயப்போட்டு, இத்தாலிக்காரர்களின் சாப்பாட்டு மேசைக்கு விரிப்பாக அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இந்த மடல். உங்களில் ஏழு பேர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஃபோனைக் கையில் கொடுத்து, "இத்தாலிய மொழி சரியா இருக்கான்னு பாருங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் அன்றன்று தோன்றியதைச் சொல்லி அனுப்பினேன். ஏழு கடைப் பக்கங்களையும் சேர்த்து வைத்துப் படித்தபோதுதான் ஏழிலும் ஒரே கோளாறு இருப்பது தெரிந்தது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

நான் பிராத்தோவில் ஒன்பது வருடம் இருந்தேன். ஃபிளாரன்சுக்குப் பக்கத்தில் உள்ள நெசவு ஊர் அது. இணையத்தில் துணி விற்கும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில், திரும்பி வரும் பார்சல்களைப் பிரிக்கும் மேசையில் எனக்கு வேலை. பார்சலுக்குள் துணியோடு ஒரு சீட்டும் இருக்கும். ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதை வாங்கியவர்கள் அதில் எழுதியிருப்பார்கள். கிழிந்திருக்கிறது, கறை இருக்கிறது என்று வந்த சீட்டுகள் குறைவு. எழுதியிருந்தது ஒன்று, வந்தது ஒன்று என்பதுதான் திரும்பத் திரும்ப வரும். அந்தத் துணிகளில் பெரும்பாலானவை நல்ல துணிகள். அவற்றைப் பற்றி எழுதியிருந்த சொற்கள்தான் அவற்றைத் திருப்பி அனுப்பவைத்தன. இன்றைக்கு உங்கள் பக்கங்களைப் படிக்கும்போது அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது.

உங்களில் ஒருவருடைய பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யாருடையது என்று சொல்லப்போவதில்லை. பொருள், மேசையின் நடுவே நீளமாக ஓடும் விரிப்பு. இத்தாலியர்கள் அதை ‘ரன்னர்’ என்றே சொல்கிறார்கள். கல்யாண விருந்துகளில் நீண்ட மர மேசைமீது சன்னமான துணியைச் சற்றே சுருக்கம் விழ ஓடவிட்டு, மேலே இலைக் கொத்துகளையும் மெழுகுவர்த்திகளையும் வைப்பார்கள். அந்த அலங்காரத்துக்கு நம் துணி சொல்லிவைத்தது போலப் பொருந்துகிறது. பொருளில் குறையே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பக்கத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘ஆடம்பரமான தூய லினன் மேசை விரிப்பு, கையால் நெய்தது, ஒரே ஒரு உருப்படி’. கீழே முதல் பத்தியில், மிக மிக மென்மையான இயற்கைப் பருத்தித் துணி என்று இருக்கிறது. இரண்டாம் பத்தியில் அதே துணி கனமான, மிக மிக உறுதியான கடற்கரைத் துண்டாகிவிட்டது. அளவு என்ற இடத்தில் 60 x 300 சென்டிமீட்டர். படத்தின் மேலே 2.5 மீட்டர். இருப்பில் உள்ளவை, 64.

இதை எழுதியவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படி எழுதினார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். இத்தாலியக் கடைகள் சிலவற்றைத் திறந்து, நன்றாக விற்கும் பொருள்களின் விவரத்திலிருந்து வரிக்கு ஒரு வரியாக எடுத்து ஒட்டியிருக்கிறார். தலைப்பு லினன் விற்கும் கடையிலிருந்து வந்தது. இரண்டாம் பத்தி கடற்கரைத் துண்டு விற்கும் கடையிலிருந்து வந்தது. ஒவ்வொரு வரியும் அதனதன் துணிக்கு உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஒட்டுப்போட்டபின் எந்தத் துணிக்கும் உண்மையில்லாத ஒன்றாகிவிட்டது.

இதை ஒரு இத்தாலியர் உடனே கண்டுபிடித்துவிடுவார். எப்படி என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மிடம் நீ, நீங்கள், தாங்கள் என்று இருப்பதுபோல அவர்களிடமும் உண்டு. ‘தூ’ என்பது நெருக்கமானவரிடம். ‘லேய்’ என்பது மரியாதைக்கு. ‘வோய்’ என்பது பலரிடம் பேச. உங்கள் பக்கத்தில் முதல் வரி வாங்குபவரை ‘நீ தேர்ந்தெடு’ என்கிறது. மூன்றாம் வரி ‘தாங்கள் தொடர்புகொள்ள வேண்டுகிறோம்’ என்கிறது. அடுத்தது ‘நீங்களெல்லாம் பாருங்கள்’ என்கிறது. ஒருவர் வாயிலிருந்து இந்த மூன்றும் வராது. பல கடைகளிலிருந்து எடுத்தது என்று படிப்பவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிடும். அதற்குமேல் நீங்கள் எழுதிய நல்லதையும் அவர் நம்பமாட்டார்.

இப்போது லினனுக்கு வருகிறேன். இத்தாலிய மொழியில் லினனுக்கு ‘லீனோ’ என்று பெயர். ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார் அது, பருத்தியைவிட விலை கூடியது. நம் துணியில் ஒரு இழைகூட லினன் கிடையாது. பிறகு எப்படி அந்தச் சொல் ஏழு பக்கங்களில் நான்கில் நுழைந்தது? தேடிப் பார்த்தேன். ‘கொலோர் லீனோ’ என்று அவர்களிடம் ஒரு நிறப் பெயர் உண்டு. வெளுக்காத லினனின் மங்கலான மண்பழுப்பு நிறம். நாம் சந்தன நிறம், ராமர் பச்சை என்று சொல்வது மாதிரி. யாரோ ஒருவர் அந்த நிறப் பெயரைத் துணியின் பெயர் என்று எண்ணி எடுத்திருக்கிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எடுத்துவிட்டீர்கள்.

இந்த ஒரு சொல்லுக்கு ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் 1007-ஆம் எண் ஒழுங்குமுறை, நூலிழைகளின் பெயர்களைப் பற்றியது. முழுக்க முழுக்க ஒரே இழையால் ஆன துணிக்கு மட்டும்தான் ‘100%’ என்றோ ‘தூய’ என்றோ எழுதலாம். நெசவில் தவிர்க்க முடியாமல் சேரும் வேற்று இழைக்கு 2 சதவீதம் வரை இடம் தருகிறார்கள், அதுவும் வேண்டுமென்றே கலக்காமல் இருந்தால். துணி எந்த இழை, எத்தனை சதவீதம் என்பதை வாங்குபவர் பணம் கட்டும் முன்பே பார்க்கும்படி போட வேண்டும், இணையத்தில் விற்றாலும் சரி. இத்தாலி 2017-இல் இதை மீறுவோருக்கான அபராதங்களுக்குத் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. நீங்கள் ‘தூய லினன்’ என்று எழுதியது அலங்கார வார்த்தை இல்லை. அளந்து பார்த்துப் பொய் என்று நிரூபிக்கக்கூடிய வாக்குமூலம்.

உங்களில் ஒருவர் என்னிடம், "துணியை எரிச்சுப் பாத்தோம் அண்ணாச்சி, காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாச்சு, அப்போ லினன்தானே?" என்று கேட்டார். எரித்துப் பார்ப்பது நல்ல சோதனைதான். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி முத்துப்போலக் கெட்டியாகும். அப்படி ஆகவில்லை என்றால் பாலியஸ்டர் இல்லை என்று சொல்லலாம். ஆனால் பருத்தியும் லினனும் இரண்டும் செடியிலிருந்து வந்தவை, இரண்டும் ஒரே மாதிரிதான் எரியும். நெருப்பு இங்கே தீர்ப்புச் சொல்லாது. தறிக்காரரிடம் போய் நூல் வாங்கிய பில்லைக் கேளுங்கள். நான் கேட்டேன். 40-ஆம் கவுண்ட் பருத்தி நூல், பாவும் அதுவே, ஊடையும் அதுவே. கேள்வி அங்கே முடிந்துவிட்டது.

அஞ்சல் நிலையத்தில் வெளிநாட்டுப் பார்சலோடு சேர்த்து ஒட்டும் சுங்கப் படிவத்தில் நீங்களே ‘பருத்தித் துணி’ என்றுதான் எழுதுகிறீர்கள். கடைப் பக்கத்தில் லினன். ஒரே கை எழுதிய இரண்டு தாள்கள் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. வாங்குபவர் பார்சலைப் பிரிக்கும்போது முதலில் கண்ணில் படுவது அந்தப் படிவம்.

அடுத்தது ‘கையால் நெய்தது’. இதில்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம்.

சத்திரப்பட்டியில் ஓடுவது விசைத்தறி. ஊருக்குள் நுழையும்போதே காதில் விழும் சத்தம் அதைச் சொல்லும். நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள வேண்டிய தொழில் அது, நாட்டின் ஆஸ்பத்திரிகள் பலவற்றின் காயக்கட்டு அங்கிருந்து போகிறது. ஆனால் அது கைத்தறி இல்லை. வத்திராயிருப்புப் பக்கம் சுந்தரபாண்டியத்தில் குழித்தறியில் கால் வைத்துச் சேலை நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சேலைக்கு அவர்கள் கொடுக்கும் நாள்களும் முதுகு வலியும் உங்களுக்குத் தெரியாததில்லை. உங்களில் சிலருக்கு அவர்கள் சொந்தக்காரர்கள். அந்த உழைப்பைக் குறிக்க இத்தாலிய மொழியில் இருக்கும் சொல்தான் ‘தெஸ்ஸூத்தோ அ மானோ’. மணிக்குப் பல மீட்டர் ஓடும் துணிக்கு அதை எழுதினால், நாளைக்கு அவர்கள் தங்கள் சேலையை அந்தச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது அவர்களுக்கென்று சொல் எதுவும் மிச்சமிருக்காது. கைத்தறிக்கு என்று அரசு 2006-இல் தனி முத்திரை கொண்டுவந்ததே இந்தக் கலப்பைத் தடுக்கத்தான்.

பெயரைப் பறிகொடுப்பது எப்படி இருக்கும் என்று நம் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கெங்கோ கிண்டிய பால்கோவாவுக்கெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பலகை மாட்டியதைப் பார்த்துப் பொருமினோம். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தோம். நம்முடைய பெயருக்கு அந்த நியாயம் கேட்ட நாம், சுந்தரபாண்டியத்துக்காரரின் சொல்லை எடுப்பது எப்படிச் சரியாகும்?

உங்கள் துணியில் கைவேலை இல்லாமலும் இல்லை. நான் வன்னியம்பட்டியிலேயே பார்த்திருக்கிறேன். துணியைக் கையால் கிழித்துத் துண்டாக்குகிறீர்கள், அதனால்தான் ஓரம் அந்த அழகோடு பிரிபிரியாக நிற்கிறது. அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, சாயம் கரைத்து, உப்புப் போட்டு, கோலால் புரட்டிப் புரட்டித் தோய்ப்பது கைதான். அதற்கு ‘தீந்தோ அ மானோ’, அதாவது கையால் சாயமிட்டது என்ற நேரான சொல் இருக்கிறது. இருக்கிற உண்மையை எழுதாமல் இல்லாததை எழுதியிருக்கிறீர்கள். ஒரு தோய்ப்புக்கும் அடுத்த தோய்ப்புக்கும் நிறம் சற்று மாறும் என்பதை நீங்கள் மறைக்கிறீர்கள். ‘கையால் சாயமிட்டது’ என்று எழுதிவிட்டால் அந்த மாற்றத்துக்குக் காரணம் சொன்னதாகிவிடும். மேசைக்கு நான்கு விரிப்பு வேண்டுமென்றால் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள் என்ற அறிவுரையையும் அதோடு சேர்த்துவிடலாம்.

‘ஒரே ஒரு உருப்படி’ என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதற்குக் கீழேயே 64 இருக்கிறது என்று கணினி காட்டிக்கொண்டிருக்கிறது.

‘மிக மிக’ என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தாலிய மொழியில் ஒரு பண்புச் சொல்லின் வாலில் ‘இஸ்ஸிமோ’ என்று சேர்த்தால் மிக மிக என்று பொருளாகிவிடும். மென்மை ‘மோர்பிதோ’ என்றால், மிக மிக மென்மை ‘மோர்பிதிஸ்ஸிமோ’. சேர்ப்பது அவ்வளவு சுலபமாக இருப்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் பதினொன்று எண்ணினேன். மிக மிக மென்மை, மிக மிக உறுதி, மிக மிக நேர்த்தி, மிக மிகக் கனம். மென்மையும் கனமும் உறுதியும் ஒரே துணியில் உச்சத்தில் இருக்க முடியாது என்பது தறி தெரிந்த உங்களுக்கே தெரியும்.

அந்தத் துணியை நான் அளந்தேன். பிக் கிளாஸ் வைத்து எண்ணினால் அங்குலத்துக்குப் பாவு 26 இழை, ஊடை 18 இழை. சதுர மீட்டருக்கு 27 கிராம் வந்தது. 60 x 300 விரிப்பு மொத்தமும் 50 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. கைக்குட்டை இரண்டு மூன்றின் எடைதான். மேசையில் விரித்தால் கீழே மரத்தின் ரேகை தெரியும். அதைத்தான் கல்யாணக்காரர்கள் தேடுகிறார்கள். ‘கனமான’ என்று படித்துவிட்டு, மேசையை மறைக்கும் துணி வேண்டும் என்று வாங்குகிறவர் இதைப் பார்த்து ஏமாந்துபோவார். சன்னமான துணி வேண்டும் என்று தேடுகிறவர் ‘கனமான’ என்ற சொல்லைப் பார்த்துத் தாண்டிப் போய்விடுவார். ஒரு தவறான சொல் வேண்டாதவரை அழைத்துவருகிறது, வேண்டியவரைத் துரத்திவிடுகிறது. 27 கிராம் என்று எழுதியிருந்தால் இரண்டு பேருக்கும் விடை கிடைத்திருக்கும்.

அளவிலும் இதே கதைதான். ஒரு மீட்டர் துணியை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசிக் காயப்போட்டு மறுபடி அளந்தேன். நீளம் 92 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. இவ்வளவு இழை இடைவெளி உள்ள துணி சுருங்கத்தான் செய்யும், அது குற்றமில்லை. ஆனால் உங்கள் 300 சென்டிமீட்டர் விரிப்பு ஒரு சலவைக்குப் பிறகு 276 ஆகிவிடும் என்று வாங்குகிறவருக்கு யார் சொல்வது? அவர் மேசை 280 என்றால்? பக்கத்தில் ‘சுருங்காது’ என்று வேறு எழுதியிருக்கிறது. அதுவும் எங்கிருந்தோ ஒட்டியதுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "எல்லோரும்தானே இப்படி எழுதுகிறார்கள்" என்று நீங்கள் சொல்வீர்கள். இத்தாலியக் கடைக்காரர்களும் ‘ஆடம்பரம்’, ‘தனித்துவம்’ என்று எழுதத்தான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. பொருள் பிடிக்காவிட்டால் வாங்கியவர் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் பின்வாங்கலாம் என்பது அங்கே சட்டம். அவர்களுக்குத் திரும்பி வரும் பார்சல் பக்கத்து ஊரிலிருந்து வருகிறது. உங்களுக்கு ரோமிலிருந்து ராஜபாளையத்துக்கு வர வேண்டும், அந்தச் செலவு துணியின் விலையையே விழுங்கிவிடும். விவரத்தில் எழுதியபடி பொருள் இல்லையென்றால் 14 நாளோடும் முடியாது. எழுதிய சொல்லுக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பதற்கு இரண்டு வருடப் பொறுப்பு விற்றவர்மேல் இருக்கிறது, திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான். உங்களில் ஒருவர் கடந்த கோடையில் நான்கு ஆர்டருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, துணியும் போய், இப்போது கடையை மூடலாமா என்று யோசிக்கிறார். அந்த நான்கு பேர் எழுதியதையும் வாசித்தேன். நிறம் பிடிக்கவில்லை என்று ஒருவர்கூட எழுதவில்லை. "இது லினன் இல்லை, கார்ட்ஸா" என்று எழுதியிருந்தார்கள்.

அந்தச் சொல்லுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். ‘கார்ட்ஸா’ என்றால் இத்தாலிய மொழியில் காயத்துக்குக் கட்டும் சல்லடைத் துணி. நம் பேண்டேஜ் துணியேதான். அந்தப் பெயரை எழுதினால் ஆஸ்பத்திரி நினைவு வந்துவிடும், யாரும் வாங்கமாட்டார்கள் என்று நீங்கள் ஏழு பேருமே பயந்திருக்கிறீர்கள். அதனால்தான் லினன், மஸ்லின், வாயில், பட்டுபோன்ற பருத்தி என்று ஆளுக்கொரு பெயர். ஒரே கடையில் மூன்று நிறத்துக்கு மூன்று துணிப் பெயர்கூட வந்துவிட்டது.

அந்தப் பயம் நம் ஊர்ப் பயம். நமக்கு இந்தத் துணி பிறந்த இடம் தெரியும், மருந்து வாடை தெரியும். இத்தாலியருக்குக் ‘கார்ட்ஸா தி கொத்தோனே’, பருத்திக் கார்ட்ஸா, கோடையில் போடும் சட்டைக்கும் குழந்தையைச் சுற்றும் துணிக்கும் விருந்து மேசைக்கும் உரிய பெயர். பிராத்தோவில் என் மேசைக்கு வந்த ஆர்டர் தாள்களில் அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன் சொல்கிறேன். மேசைக்குச் சன்னமான விரிப்பு வேண்டும் என்று தேடுகிற பெண் அந்தச் சொல்லைத்தான் தட்டுகிறாள். அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் எங்குமே இல்லை. வெட்கப்பட்டு மறைத்த பெயர்தான் உங்கள் கடைக்கு வரும் வழி.

ஒரே ஒரு எச்சரிக்கை. கார்ட்ஸா என்று எழுதுங்கள், அதோடு நின்றுவிடுங்கள். ‘கிருமியைத் தடுக்கும்’, ‘மருத்துவத் தரம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சொற்கள் மேசை விரிப்பைக் கிருமிக்கொல்லிகளுக்கும் மருத்துவச் சாதனங்களுக்குமான சட்டங்களின் வாசலுக்குக் கொண்டுபோய்விடும். ‘இயற்கை வேளாண் பருத்தி’ என்பதற்கும் சான்றிதழ் வேண்டும், உங்களிடம் இல்லை. ‘பட்டுபோன்ற’ என்பதையும் எடுத்துவிடுங்கள். நான் சொன்ன அதே ஒழுங்குமுறையில், நீளிழை நூல் என்பதற்காக வேறு நூலைப் பட்டு என்று சொல்லக் கூடாது என்று தனியாகவே ஒரு விதி உண்டு. ஆர்ட் சில்க் சேலை அனுப்ப நினைக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

பிராத்தோவில் இருந்தபோது விடுமுறை நாளில் ஒருமுறை தத்தீனியின் வீட்டைப் பார்க்கப் போனேன். ஃபிரான்செஸ்கோ தத்தீனி, 1410-இல் இறந்துபோன துணி வணிகர். அவருடைய கடிதங்கள் சுமார் ஒன்றரை லட்சம் இன்றும் அந்த ஊரில் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. கடல் கடந்த ஊர்களுக்கெல்லாம் துணி விற்றவர். வாங்குகிறவர் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது, கடிதத்தில் உள்ள சொல்லை நம்பித்தான் பணம். அதனால் அந்தத் தாள்களோடு துணித் துணுக்குகளும் மாதிரிக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் நிலைமையும் அவருடையதுதான். உங்களால் துணுக்கு அனுப்ப முடியாது. எண்ணும் அளவும் நேரான பெயரும்தான் நீங்கள் அனுப்பக்கூடிய துணுக்கு.

அந்தப் பக்கத்தை நானும் அதன் உடைமைக்காரரும் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். தமிழில் அதன் பொருள் இதுதான்:

‘மேசை ரன்னர், பருத்திக் கார்ட்ஸா. 100% பருத்தி. விசைத்தறியில் நெய்தது, கையால் சாயமிட்டது. தென்னிந்தியாவில் ராஜபாளையம் அருகே தயாரானது. 60 x 300 செ.மீ., சதுர மீட்டருக்கு 27 கிராம்: மிகச் சன்னமானது, கீழே மேசை தெரியும். ஓரம் தைக்கப்படவில்லை, கையால் கிழித்தது, இழை பிரிந்து நிற்கும். நிறம் தோய்ப்புக்குத் தோய்ப்பு சற்று மாறும், ஒரே மேசைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கவும். சலவையில் நீளம் சுமார் 8 சதவீதம் சுருங்கும். குளிர்ந்த நீரில் தனியாக அலசவும்.’

இவ்வளவுதான். ‘மிகச் சன்னம்’ என்ற இடத்தில் ஒரே ஒரு ‘இஸ்ஸிமோ’ வைத்தோம், 27 கிராமுக்கு அது தகும். வாங்குகிறவரைத் தொடக்கம் முதல் கடைசி வரை ‘தூ’ என்றே அழைத்தோம். சின்னக் கடைகளுக்கு அங்கே அது இயல்பு. படத்தின் மேல் இருந்த 2.5 மீட்டரை அழித்தோம்.

உங்கள் எல்லோரிடமும் இதைத்தான் கேட்கிறேன். அடுத்த லாட் துணி எடுக்குமுன் உங்கள் பக்கத்தைத் திறந்து, துணியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படியுங்கள். துணியில் காட்ட முடியாத சொல்லையும், பில்லில் காட்ட முடியாத சொல்லையும் அழியுங்கள். பிறகு ஏழு பேரும் ஒரு நாள் சேர்ந்து உட்காருவோம். துணிக்கு ஒரு பெயர், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர், அளவுக்கு ஒரு முறை என்று ஒரே பட்டியல் போட்டு ஏழு கடையும் அதையே எழுதட்டும். இன்று ஒரே அண்டாவில் தோய்த்த துணி ஒரு கடையில் தந்தம், இன்னொன்றில் பாலாடை, மூன்றாவதில் லினன் நிறம். வாங்குகிறவர் எதை நம்புவார்?

இத்தாலியில் கல்யாணங்கள் மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை நடக்கும். மேசைக்கு வேண்டியதை அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே தேடத் தொடங்குவார்கள். ஆகவே தை பிறப்பதற்குள் இதை முடித்துவிட வேண்டும். இந்த மாதம் எல்லா ஞாயிறும் காலையில் வீட்டில் இருப்பேன். வரும்போது ஃபோனோடு ஒரு முழம் துணியும், தறிக்காரர் கொடுத்த பில்லும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
வன்னியம்பட்டியிலிருந்து உங்கள் ஊர்க்காரன்